மூன்று அட்டை, ஒரு தனியறை: எந்த நோய்க்கு எந்தத் தடுப்பு, எதை முதலில் போடுவது

"அக்கா, டர்பன்ல ஒரு அரசு ஆஸ்பத்திரியில பெண்கள் வார்டுல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. கதவுல தொங்கவிட கான்டாக்ட், டிராப்லெட், ஏர்போர்ன்னு மூணு அட்டை வச்சிருக்காங்க. எந்த நோய்க்கு எதுன்னு ஒவ்வொரு தடவையும் குழம்புது. ரிசல்ட் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னும் தெரியல. கவுன், மாஸ்க், கிளவுஸ் இதுல எதை முதல்ல போடணும், எதை முதல்ல கழட்டணும்? ஒவ்வொரு சிஸ்டரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. நானும் ஆரம்பத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்சில் வருகிறவர் நெற்றியில் நோயின் பெயர் ஒட்டியிருக்காது, நோட்டு உதவாது. அதற்குப் பதில் இரண்டு கேள்வி போதும். கிருமி இவரை விட்டு எப்படி வெளியே வருகிறது? என் உடம்புக்குள் எந்த வழியாக நுழையும்? இதற்குப் பதில் தெரிந்தால் அட்டையும் தெரியும், என்ன உடுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

கான்டாக்ட் என்றால் கிருமி கையில் ஏறிப் பயணம் செய்கிறது. வயிற்றுப்போக்கு, சீழ் வடியும் புண், சொறி சிரங்கு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் எல்லாம் இந்த வழிதான். கட்டில் கம்பி, பெட்பேன், பி.பி. பார்க்கும் பட்டை, என் சட்டையின் முன்பக்கம், இவை எல்லாம் அதற்கு வண்டி. ஆகவே கையையும் உடுப்பையும் மறைக்க வேண்டும்: கையுறை, கவுன்.

டிராப்லெட் என்றால் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளி. அது கனமானது, ஒன்று இரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். என் மூக்கு, வாய், கண் இந்த மூன்றில் ஒன்றில் பட்டால்தான் அதற்கு வேலை. ஃப்ளூ, கக்குவான் இருமல், பொன்னுக்கு வீங்கி, மூளைக்காய்ச்சலில் மெனிங்கோகாக்கஸ் வகை ஆகியவை இதில் வரும். சர்ஜிக்கல் மாஸ்க் போட வேண்டும், கிட்டே குனிந்து வேலை செய்தால் கண்ணையும் மறைக்க வேண்டும்.

ஏர்போர்ன் வேறு மாதிரி. துளி காற்றிலேயே காய்ந்து, மிஞ்சும் நுண்துகள் கீழே விழாமல் மணிக்கணக்கில் மிதக்கும். சாம்பிராணிப் புகை போல அறை முழுவதும் பரவும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேனா, வாசலில் நிற்கிறேனா என்று அதற்குக் கவலையில்லை. நான் இழுக்கும் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். டிபி, தட்டம்மை, சின்னம்மை, இந்த மூன்றும்தான் நம் வார்டுகளில் முக்கியம். இதற்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதாவது என்95 அல்லது எஃப்எஃப்பி2. அதைவிட முக்கியமாக, காற்று வெளியே போகிற அறை வேண்டும்.

துளிக்கும் காற்றுக்கும் நடுவே கத்தி வைத்து வெட்டியது போலக் கோடு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், மூச்சோடு வரும் துகள்கள் சிறிதும் பெரிதுமாகத் தொடர்ச்சியாகவே வருகின்றன என்று சொல்லிப் பழைய வரையறையை மாற்றியது. ஃப்ளூ நோயாளிக்கே தொண்டையில் குழாய் போடும்போதும் உறிஞ்சு குழாயால் சளி எடுக்கும்போதும் நுண்துகள் கிளம்பும். அந்த நேரத்துக்கு மட்டும் சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, ரெஸ்பிரேட்டர்தான். ஆனால் உங்கள் வார்டில் தொங்குவது இன்னும் இந்த மூன்று அட்டைதான். அன்றாட வேலைக்கு அவை நன்றாகவே உதவும்.

ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டீர்களே, அங்கேதான் பாதி ஆஸ்பத்திரிகள் தவறுகின்றன. அட்டை தொங்கவிட ரிசல்ட் தேவையே இல்லை. அறிகுறி போதும். சந்தேகத்தில் மாட்டி, சந்தேகம் தீர்ந்தபின் எடுப்பதுதான் முறை. நோயாளி அதிகமாகக் கிருமி பரப்புவது பெரும்பாலும் யாருக்கும் நோயின் பெயர் தெரியாத, மருந்து தொடங்காத முதல் நாட்களில்தான்.

ஒரு ஜூலை மாதத்து ராத்திரியைச் சொல்கிறேன். குளிர்காலம், வார்டு நிறைந்திருந்தது, காலியாக இருந்தது ஒரே ஒரு தனியறை. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பெண்கள் அட்மிஷன்.

முதலாமவருக்கு முப்பத்து நாலு வயது. மூன்று வாரமாக இருமல், ராத்திரியில் நைட்டி நனைகிற அளவு வியர்வை, பாவாடை நழுவுகிறது என்று இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தார். எச்.ஐ.வி. உண்டு, ஆறு மாதமாக மாத்திரை எடுக்கவில்லை. இரண்டாமவர் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த பாட்டி. கால் புண்ணுக்குப் பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர், அன்றைக்கு மட்டும் எட்டு தடவை தண்ணீராகப் போயிருந்தது. மூன்றாமவருக்கு ஐம்பது வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு முறிகிற வலி, வறட்டு இருமல். வீட்டில் பேரப் பிள்ளைகளுக்கும் அதே.

அன்று டூட்டியில் இருந்த பெண் பாட்டியைத் தனியறையில் போட்டுவிட்டாள். நாற்றம் அடிக்கிறது, மற்றவர்களுக்குக் கஷ்டம் என்பது அவள் நினைப்பு. இருமுகிற இரண்டு பேரையும் பொது வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டாள், இரண்டும் இருமல்தானே என்று. நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் தலைகீழ்.

தனியறை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது காற்றில் பரவுகிறவருக்குத்தான். பாட்டியின் நோயைக் கையுறையாலும் கவுனாலும் தனிக் கழிப்பறையாலும் ஒரு கட்டிலைச் சுற்றியே நிறுத்தி வைக்க முடியும். ஃப்ளூவை ஒரு திரைச்சீலை, ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி, அவர் முகத்தில் ஒரு மாஸ்க், இவற்றால் பெரும்பாலும் அடக்கலாம். டிபியை மட்டும் திரைச்சீலையால் நிறுத்த முடியாது. அந்த இளம்பெண்ணை வரவேற்பறையிலேயே மாஸ்க் போட்டு, நேரே தனியறைக்குக் கொண்டு போய், ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, ஏர்போர்ன் அட்டை மாட்டி, அப்புறம்தான் சளி மாதிரி எடுத்திருக்க வேண்டும். நான் போய் மாற்றும்போது மணி ஒன்றரை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோயாளிக்குப் போடுவது சர்ஜிக்கல் மாஸ்க், நாம் போடுவது ரெஸ்பிரேட்டர். மாற்றிப் போடுகிறார்கள். நோயாளியின் மாஸ்க் வேலை, வாயிலிருந்து கிளம்பும் துளியை அது காய்ந்து நுண்துகள் ஆகும் முன்பே பிடிப்பது. அதற்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். மூச்சு முட்டுகிறவருக்கு என்95 மாட்டினால் கொடுமை. நம் நாட்டிலேயே ம்புமலாங்காவின் எமலாஹ்லேனியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத டிபி நோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப் பன்றிகள் இருந்த அறைகளுக்குக் குழாய் வழியே அனுப்பினார்கள். நோயாளிகள் மாஸ்க் போடாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90-ல் 69-க்குத் தொற்றியது. போட்ட நாட்களின் காற்றைச் சுவாசித்த 90-ல் 36-க்கு. ஒரு சாதாரண மாஸ்க் தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. பாதியோடு நின்றுவிட்டது என்பதையும் மறக்கக்கூடாது, அதனால்தான் நமக்கு ரெஸ்பிரேட்டரும் ஜன்னலும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டர்பனுக்கு வந்த புதிதில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். டிபி அறைக்குள் போக எங்களுக்கு மஞ்சள் கவுனும் இரண்டு ஜோடி கையுறையும் கொடுப்பார்கள், முகத்துக்கு மட்டும் காதில் மாட்டும் சர்ஜிக்கல் மாஸ்க். ஜன்னல் குளிருக்குச் சாத்தியிருக்கும். உடம்பெல்லாம் மூடியிருக்கிறோம், பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பினேன். 2009-ல் எனக்கே டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை, அதில் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து. அப்போது என் மகளுக்கு மூன்று வயது. டிபி தட்டிலோ போர்வையிலோ தொட்டு வருவதில்லை. கவுனும் கையுறையும் அங்கே எதையும் தடுக்கவில்லை, மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்த இடைவெளி வழியாகத்தான் எல்லாம் போனது. இதே மாகாணத்தில் டுகேலா ஃபெரியில், பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத எக்ஸ்டிஆர் டிபி 53 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டு 52 பேர் இறந்த செய்தி 2006-ல் வந்தது. அவர்களில் ஆஸ்பத்திரி ஊழியர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஜன்னல் சாத்தியேதான் இருந்தது.

ஆகவே டிபி அறைக்குள் போகத் தேவை ரெஸ்பிரேட்டர் மட்டும். ரத்தம் எடுக்கப் போகிறீர்கள், சளிக் கிண்ணத்தைத் தொடப் போகிறீர்கள் என்றால் கையுறை சேரும். அது எல்லா நோயாளிக்கும் உள்ள பொது விதி, டிபிக்கென்று தனியாக இல்லை.

அறையைச் சோதிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். வீட்டிலிருந்து ஓர் ஊதுபத்தி கொண்டு போங்கள். அறையில் நோயாளி இல்லாதபோது, ஆக்சிஜன் எதுவும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவை இரண்டு விரல் அளவு திறந்து, காரிடார் பக்கம் நின்று, கதவின் அடிப்பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் சரி. புகை உங்கள் முகத்துக்கு வந்தால், அறைக் காற்று காரிடாருக்கு வருகிறது என்று அர்த்தம். பகலில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை செய்யுங்கள். டர்பனில் பகலில் கடலிலிருந்து காற்று வரும், ராத்திரியில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஜன்னலை மட்டும் நம்பியிருக்கும் அறையில் காலையில் உள்ளே போன புகை, ராத்திரியில் வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் உள்ள அறை என்றால், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது அந்த ஃபேனும் ஓடுகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் விளக்கு மட்டும்தான் வரும்.

காற்று மாறும் வேகம் ஏன் முக்கியம் என்றால், நோயாளி அறையை விட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மணிக்குப் பன்னிரண்டு தடவை காற்று மாறுகிற அறையில் 99 சதவீதத் துகள் வெளியேற 23 நிமிடம் ஆகும். மணிக்கு இரண்டு தடவை மட்டும் மாறுகிற, ஜன்னல் சாத்திய அறையில் அதே அளவுக்கு 138 நிமிடம். எந்தக் கணக்கும் தெரியவில்லை என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். அதற்குள் போக வேண்டியிருந்தால் ரெஸ்பிரேட்டரோடு போங்கள். துப்புரவு செய்கிறவர்களுக்கும் இதே விதி. அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது பாட்டிக்கு வருவோம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் தண்ணீர்ப் பேதி என்றால் முதல் சந்தேகம் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில். இது வித்து வடிவில் மாதக்கணக்கில் கட்டிலிலும் தரையிலும் கிடக்கும், ஆல்கஹால் சானிடைசருக்குச் சாகாது. ஆகவே கையுறையைக் கழற்றியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சோப்பு வித்தைக் கொல்வதில்லை, தேய்த்துக் கழுவும்போது அது கையை விட்டுப் போய்விடுகிறது. தண்ணீர் நின்றுபோகும் நாளுக்கென்று குழாய் வைத்த இருபத்தைந்து லிட்டர் கேன் ஒன்றை வார்டில் நிரப்பி வையுங்கள். 2022 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் இல்லாமல் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரையையும் கம்பியையும் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு பிளீச். 3.5 சதவீத பிளீச் என்றால் ஒரு கப்புக்கு 34 கப் தண்ணீர். அது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு குளோரின் ஆகும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்தது வீரியம் இழந்திருக்கும். பாட்டிக்கென்று ஒரு கமோடு, ஒரு பி.பி. பட்டை, ஒரு தெர்மாமீட்டர், இவை அந்தக் கட்டிலை விட்டு நகரக்கூடாது. பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அட்டை இருக்கட்டும்.

ஃப்ளூ அம்மாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்ஜிக்கல் மாஸ்க், முகத்தோடு முகம் வேலை செய்தால் கண்ணுக்குத் தடுப்பு, கட்டில்களுக்கு நடுவே இடைவெளி, திரையை இழுத்துவிடுங்கள். நோய் தொடங்கியதிலிருந்து ஏழு நாள், அல்லது காய்ச்சலும் இருமலும் தணிந்து 24 மணி நேரம், இரண்டில் எது நீளமோ அதுவரை. ஒன்று மட்டும்: இருமல் மூன்று வாரமாக இருக்கிறதா என்று அவரிடமும் கேளுங்கள். நம் ஊரில் ஃப்ளூ வந்தவருக்கு அடியில் டிபியும் இருக்கலாம்.

ஒரு கதவில் ஒரு அட்டைதான் தொங்க வேண்டும் என்றும் இல்லை. மறுநாள் காலை அந்த இளம்பெண்ணுக்கும் பேதி தொடங்கியது. உடனே ஏர்போர்னுக்குக் கீழே கான்டாக்ட் அட்டையையும் மாட்டினோம். சின்னம்மைக்கு முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்த்துத்தான், ஏனென்றால் அது காற்றிலும் வரும், கொப்புள நீரிலும் வரும். எல்லாக் கொப்புளமும் பக்குக் கட்டும்வரை எடுக்கக்கூடாது. அக்கியில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். அதே கிருமிதான், ஆனால் நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு இடுப்பில் ஒரு பட்டையாக மட்டும் வந்திருந்தால் துணியால் மூடி வைத்து, வழக்கமான கவனம் போதும். எச்.ஐ.வி. உள்ளவருக்கோ, உடம்பில் பரவலாகவோ வந்திருந்தால் சின்னம்மை போலவே நடத்த வேண்டும். இந்த அறைகளுக்கு வேலை பார்க்க ஏற்கெனவே சின்னம்மை வந்தவர்களையோ தடுப்பூசி போட்டவர்களையோ அனுப்புங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணியை அனுப்பவே கூடாது. சாட்ஸ்வொர்த்தில் இன்னும் பல வீடுகளில் அம்மை கண்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி, வந்தவரைத் தனி அறையில் வைத்து, வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தைச் சொல்லியே நான் குடும்பத்தாருக்கு ஏர்போர்ன் அட்டையை விளக்குவேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

சரி, உடுத்தும் வரிசை. அந்தப் பெண்ணின் அறைக்கு இப்போது முழு உடுப்பும் தேவை, அதையே வைத்துச் சொல்கிறேன். கதவுக்கு வெளியே நின்று வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். வளையல் கையுறையைக் கிழிக்கும், அதன் அடியில் தோலைக் கழுவவும் முடியாது. தாலிக்கயிற்றைச் சட்டைக்குள் விடுங்கள். கொண்டையைத் தாழ்வாகப் போடுங்கள், உச்சியில் இருந்தால் ரெஸ்பிரேட்டரின் மேல்பட்டை வழுக்கும். கையைச் சுத்தம் செய்யுங்கள்.

முதலில் கவுன். கழுத்திலும் இடுப்பிலும் பின்னால் கட்ட வேண்டியது, கை சுதந்திரமாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். இரண்டாவது ரெஸ்பிரேட்டர். நம் வார்டுகளில் அதிகம் வருவது வாத்து அலகு போல இருக்குமே, அதுதான். முகத்தில் வைத்து, மேல்பட்டையைத் தலையின் உச்சிப் பின்புறமும் கீழ்ப்பட்டையைக் காதுக்குக் கீழே கழுத்திலும் விடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் போடுகிறவர்கள் உண்டு, அப்படிப் போட்டால் தாடையில் வாய் திறந்து நிற்கும். மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். ஒரே கையால் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடங்கி, இரண்டு பக்கமும் இடைவெளி விடும்.

அப்புறம் பத்து விநாடிச் சோதனை. இரண்டு உள்ளங்கையாலும் மூடி வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று பட்டால் மூக்குக் கம்பியைச் சரிசெய்யுங்கள், காதுப் பக்கம் பட்டால் பட்டையை. பிறகு மூச்சை இழுங்கள், மாஸ்க் லேசாக முகத்தை நோக்கிச் சுருங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை முயன்றும் கசிந்தால் அந்த வகை உங்கள் முகத்துக்கு ஆகாது, வேறு அளவு கேளுங்கள். தாடி வைத்த ஆண்களுக்கு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஒட்டாது.

மூன்றாவது கண்ணாடி அல்லது முகத்தை முழுக்க மறைக்கும் ஷீல்டு. மாஸ்கின் விளிம்பு மேல் உட்கார வேண்டும் என்பதால் மாஸ்குக்குப் பிறகுதான். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஆவி படிந்தால், டர்பன் வெக்கை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது மூக்குப் பக்கம் மூச்சு கசிவதற்கு அடையாளம். வெளியே வந்து சரிசெய்யுங்கள். கடைசியில் கையுறை, கவுனின் கைப்பட்டி மேல் ஏறி நிற்கும்படி. கையுறை கடைசி என்பதற்குக் காரணம், அதுதான் நோயாளியைத் தொடப் போகிறது. முதலிலேயே போட்டுவிட்டு மாஸ்கையும் முடியையும் சரிசெய்தால் சுத்தமான கையுறை உள்ளே போகுமுன்பே அழுக்காகிவிடும்.

கழற்றுவதில்தான் ஆபத்து. வேலை முடிந்த களைப்பு, முகம் அரிக்கும், வியர்வை கண்ணில் வடியும், சீக்கிரம் பிய்த்தெறியத் தோன்றும். இப்போது அதிக அழுக்கானதை முதலில் எடுக்க வேண்டும், மூச்சைக் காப்பதைக் கடைசியில். கையுறை முதலில்: ஒன்றின் வெளிப்புறத்தைப் பிடித்து உரித்து, மற்ற கையில் சுருட்டி, வெறும் விரலை இரண்டாவதன் உட்பக்கம் விட்டு, முதலாவதை உள்ளே வைத்து உருட்டிவிடுங்கள். கையைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது கண்ணாடி, பின்னால் உள்ள பட்டையைப் பிடித்துத் தலைக்கு மேலாக, கண்ணை மூடிக்கொண்டு. அதன் முன்பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்தது கவுன்: கட்டை அவிழ்த்து, தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து அறைக்குள்ளேயே உள்ள தொட்டியில். மறுபடி கை சுத்தம். வெளியே வாருங்கள், கதவைச் சாத்துங்கள். சாத்திய பிறகுதான் ரெஸ்பிரேட்டர். கீழ்ப்பட்டையை முதலில் தூக்கி, பிறகு மேல்பட்டையை, முன்பக்கம் தொடாமல் முன்னோக்கி. திரும்பவும் கை, அந்த அறையில் பேதி என்பதால் சோப்பும் தண்ணீரும்.

ஒவ்வொரு சிஸ்டரும் ஒவ்வொன்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கழற்றும்போது கவுனைக் கண்ணாடிக்கு முன்னால் எடுக்கும் முறையும் உண்டு, கவுனையும் கையுறையையும் ஒன்றாக உரித்து எடுக்கும் முறையும் உண்டு. அவையும் ஏற்கப்பட்டவைதான், உங்கள் ஆஸ்பத்திரி எதைப் படம் போட்டு ஒட்டியிருக்கிறதோ அதையே எல்லோரும் செய்யுங்கள். ஆனால் மூன்று விஷயத்தில் யார் சொன்னாலும் மாற்றக்கூடாது: கையுறை முதல் அடியிலேயே போக வேண்டும், முகத்தருகே கை போகுமுன் சுத்தம் செய்திருக்க வேண்டும், ரெஸ்பிரேட்டர் கதவுக்கு வெளியேதான் இறங்க வேண்டும்.

டிபி மட்டும் உள்ள அறை என்றால் ரெஸ்பிரேட்டரை அந்த ஷிஃப்ட் முழுக்கத் திரும்பப் போடலாம். நனையாமல், கசங்காமல், பட்டை தளராமல் இருக்க வேண்டும். பெயர் எழுதிய காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கும். தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு டீ குடிக்காதீர்கள். பேதியோ கொப்புளமோ சேர்ந்த அறைக்குப் போட்டதை மறுபடி போடக்கூடாது.

அந்த இளம்பெண்ணுக்கு மறுநாள் மாலை ஜீன்எக்ஸ்பெர்ட் ரிசல்ட் வந்தது. டிபி உண்டு, ரிஃபாம்பிசினுக்கு அடங்கும் வகை. அன்றே மருந்து தொடங்கினோம். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை. இரண்டு வாரமாவது மருந்து வேலை செய்து, இருமலும் காய்ச்சலும் குறைந்து, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான். ரிசல்ட்டில் டிபி இல்லை என்று வந்திருந்தாலும், அவர் நிலையில் ஒரு தடவை நெகட்டிவ் வந்ததை மட்டும் வைத்து எடுத்திருக்க மாட்டேன். எச்.ஐ.வி. முற்றியவர்களின் சளியில் கிருமி குறைவாக இருக்கும், டெஸ்டில் தப்பிவிடலாம். டாக்டரிடம் கேட்டு இரண்டாவது மாதிரி அனுப்பியிருப்பேன்.

நாளைக்கு டூட்டிக்குப் போனதும் உங்கள் தனியறைக் கதவைப் போய்ப் பாருங்கள். கழற்றிய கவுனைப் போட ஒரு தொட்டி உள்ளே, கழற்றிய ரெஸ்பிரேட்டரைப் போட ஒரு தொட்டி வெளியே, இரண்டுக்கும் பக்கத்தில் கை சுத்தம் செய்ய ஏதாவது இருக்கிறதா? பல வார்டுகளில் ஒரே தொட்டி, அதுவும் உள்ளே. அதனால்தான் எல்லோரும் மாஸ்கை அறைக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். இரண்டாவது தொட்டியைக் கேட்டு வாங்கி, கதவுக்கு வெளியே வலது கைப்பக்கம் வைத்துவிடுங்கள்.